ஆடு புலி ஆட்டத்தில் வரிசை உடையாமல் புலியை அடைப்பது எப்படி?

"அண்ணே, நாங்க பட்டர்வொர்த். லீவுல பிள்ளைங்ககூட ஆடு புலி ஆட்டம் ஆடுறோம், மூணு புலி, பதினஞ்சு ஆடு. நான் ஆட்டுப் பக்கம் எடுத்தா எப்பவும் தோல்விதான். வரிசை உடையாம வைங்கன்னு எங்க மாமனார் சொல்றாரு. நானும் பக்கத்துப் பக்கத்துலதான் வைக்கிறேன், ஆனாலும் புலி தாண்டி வெட்டிட்டுப் போயிடுது. வரிசைன்னா அப்படி என்னதான் வரிசை?"

உங்கள் மாமனார் சொன்னது சரி. ஆனால் பக்கத்துப் பக்கத்தில் வைப்பது மட்டும் வரிசை ஆகாது, சிக்கல் அங்கேதான். புலி ஆட்டை வெட்ட மூன்று புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் வேண்டும்: ஒரு முனையில் புலி, நடுவில் ஆடு, மறு முனை காலி. அந்த மறு முனையில் உங்கள் ஆடு ஒன்று இருந்தால் புலியால் ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் அது ஒரு தாவலில் இரண்டு ஆடுகளைத் தாண்டக்கூடாது. அதனால் ஒரு ஆடு பத்திரமா என்று பார்க்க அதன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் போதாது, புலி எந்தப் பக்கமிருந்து வருமோ அதற்கு நேர் எதிரே யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நீங்கள் குறுக்கே ஆறு ஆடுகளை அழகாக வைத்திருப்பீர்கள், புலி மேலிருந்து கீழே தாண்டிவிட்டுப் போயிருக்கும். குறுக்கே அந்த வரிசை உடையவில்லைதான், மேல் கீழாகப் பார்த்தால் அங்கே வரிசையே இல்லை.

விளக்கமாகச் சொல்வதற்கு முன் நாம் இருவரும் ஒரே கட்டத்தைத்தான் பேசுகிறோமா என்று பார்த்துக்கொள்வோம், ஏனென்றால் வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாற்றி வரைவார்கள். நான் சொல்வது 23 புள்ளிகள் உள்ள கட்டம். மேலே ஒரு உச்சி. அதிலிருந்து கீழே நான்கு சரிவுக் கோடுகள் விரிந்து இறங்கும். அவற்றைக் குறுக்கே மூன்று கோடுகள் வெட்டும், இந்த மூன்றும் இரண்டு பக்கமும் கொஞ்சம் வெளியே நீண்டிருக்கும், நீண்ட முனைகளை இடது பக்கம் ஒரு கோடும் வலது பக்கம் ஒரு கோடும் மேல் கீழாக இணைக்கும். எல்லாவற்றுக்கும் அடியில், நான்கு சரிவுகளும் முடியும் இடத்தில் ஒரு அடிக்கோடு. எண்ணிப் பாருங்கள்: உச்சி 1, மூன்று குறுக்குக் கோடுகளிலும் ஆறு ஆறாக 18, அடியில் 4.

காகிதத்தில் வரைந்து புள்ளிகளுக்கு எண் போட்டுக்கொண்டால் நான் சொல்வது எளிதாகப் புரியும். முதல் எண் மேலிருந்து எத்தனையாவது குறுக்குக் கோடு, இரண்டாவது எண் இடமிருந்து எத்தனையாவது சரிவு. இடது ஓரத்துக்கு 0, வலது ஓரத்துக்கு 5. ஆக 2-3 என்றால் இரண்டாவது குறுக்குக் கோட்டில் மூன்றாவது சரிவு, 1-0 என்றால் மேல் இடது மூலை. அடிக்கோடு 4-1 முதல் 4-4 வரை, அதற்கு ஓரம் கிடையாது. காய்க்கு வேறெதுவும் தேட வேண்டாம், மூன்று ஐம்பது சென் காசு புலி, பதினைந்து ஐந்து சென் காசு ஆடு, நிறமே வேறு என்பதால் குழப்பமும் வராது. நாங்கள் செந்தூலில் மாமாக் கடை மேசையில் ஆடுவது இப்படித்தான், தே தாரிக் ஆறிப்போய்விடும், அது வேறு கதை.

புலிகள் உச்சியிலும் 1-2, 1-3 புள்ளிகளிலும் தொடங்கும். ஆடு ஒவ்வொன்றாக இறங்கும், ஒவ்வொரு ஆடு இறங்கியதும் ஒரு புலி நகரும் அல்லது வெட்டும். பதினைந்தும் இறங்கிய பிறகுதான் ஆடுகள் நகரலாம். புலி ஒரு முறைக்கு ஒரு ஆட்டைத்தான் வெட்டும், நேராகத்தான் தாண்டும். இந்த "நேராக" என்பதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள். ஒரு சரிவில் ஏறி உச்சியில் இருக்கும் ஆட்டைத் தாண்டி அடுத்த சரிவில் இறங்குகிறேன் என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அங்கே கோடு வளைகிறது, அது தாவல் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருவோம். எல்லாப் புள்ளிகளும் ஆட்டுக்கு ஒரே மாதிரி ஆபத்தானவை இல்லை. வெட்டுவதற்கு ஆடு ஒரு கோட்டின் நடுவில் இருக்க வேண்டும் அல்லவா, அப்படியானால் எல்லாக் கோடுகளும் முடிகிற புள்ளியில் நிற்கும் ஆட்டைப் புலியால் எந்தக் காலத்திலும் வெட்ட முடியாது, பின்னால் யாரும் இல்லாவிட்டாலும்கூட. இந்தக் கட்டத்தில் அப்படி ஏழு புள்ளிகள் இருக்கின்றன: உச்சி, நான்கு மூலைகள் (1-0, 3-0, 1-5, 3-5), அடிக்கோட்டின் இரண்டு முனைகள் (4-1, 4-4). அடுத்து நான்கு புள்ளிகளில் ஒரே ஒரு திசையில்தான் ஆபத்து: 2-0க்கும் 2-5க்கும் மேல் கீழாக மட்டும், 4-2க்கும் 4-3க்கும் குறுக்காக மட்டும். மீதி பன்னிரண்டும் உள்ளே இருப்பவை, அவற்றில் நிற்கும் ஆட்டை மேல், கீழ், இடம், வலம் நான்கு பக்கமிருந்தும் தாண்டலாம். நீங்கள் முதல் ஆட்டையே நடுவில் வைக்கிறவராக இருந்தால் தோல்விக்குக் காரணம் பாதி தெரிந்துவிட்டது.

ஆகவே வரிசை என்பது இந்த ஏழு புள்ளிகளில் ஒன்றிலிருந்து தொடங்கி உள்நோக்கி வளர வேண்டும். 4-1ல் ஒரு ஆடு, வெட்ட முடியாது. அடுத்து 4-2ல் வையுங்கள். அதை வெட்டப் புலி 4-3க்கு வந்து 4-1க்குத் தாண்ட வேண்டும், அங்கே உங்கள் ஆடு உட்கார்ந்திருக்கிறது, முடியாது. மறுபக்கம் 4-4, பிறகு 4-3. அடிக்கோடு முழுவதும் உங்களுடையது. அப்புறம் 3-0, 1-0, அவை இரண்டும் இருந்தால் நடுவில் 2-0, அதே போல வலது பக்கமும். பத்து ஆடுகளில் கட்டத்தின் இரண்டு ஓரங்களும் அடியும் உங்கள் கையில், ஒன்றைக்கூட வெட்ட முடியாது. வரிசைமுறை மட்டும் மாறக்கூடாது: 4-1 இல்லாமல் 4-2 வைத்தால், 4-3ல் நிற்கும் புலிக்கு அது சாப்பாடு.

ஓரம் முடிந்ததும் மூன்றாவது குறுக்குக் கோடு. 3-1ல் ஆடு வைத்தால் கீழே 4-1 நிரம்பியிருக்கிறது, இடப்பக்கம் 3-0 நிரம்பியிருக்கிறது. மேலிருந்து வந்தாலும் வலமிருந்து வந்தாலும் புலிக்கு இறங்க இடமில்லை. அடுத்து 3-2, அதற்குப் பின்பலம் 4-2ம் 3-1ம். இப்படி இடமிருந்து வலமாக நகர்ந்தால் 3-3, 3-4 என்று அந்தக் கோடும் நிரம்பும். பதினைந்தாவது ஆடு 2-1க்குப் போகும், அதற்குக் கீழே 3-1ம் பக்கத்தில் 2-0ம் இருக்கின்றன. எதிராளி எங்கும் வந்து உட்காராமல் விட்டால் பதினைந்து ஆடுகளையும் ஒன்றுகூடச் சாகாமல் இறக்கிவிடலாம். குறுக்குக் கோடு ஒன்றை மட்டும் நிரப்பாமல் அதற்குப் பின்னால் இன்னொன்றையும் நிரப்பி இரண்டு அடுக்காகச் சுவர் எழுப்புகிறோம் என்பதைக் கவனியுங்கள். உங்கள் மாமனார் வரிசை என்று சொல்வது இந்த இரண்டு அடுக்கைத்தான் என்று நினைக்கிறேன்.

சரி, எதிராளி என்ன சும்மாவா இருப்பான்? புலியைக் கொண்டுவந்து நீங்கள் வைக்கப்போகும் ஓரத்திலேயே உட்கார வைப்பான். 4-3ல் புலி உட்கார்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே அதை மறிக்க முன்னால் 3-3ல் ஆடு வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள், 2-3 காலியாக இருக்கும்வரை அந்த ஆட்டைத் தாண்டிப் புலி மேலே போய்விடும். அதை அங்கேயே விட்டுவிட்டு வேறு ஓரத்தை நிரப்பிக்கொண்டே போங்கள். ஓரத்தில் உட்காரும் புலியைக் கண்டு பயப்படத் தேவையே இல்லை, ஏன் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

ஒரு புலியை அசையாமல் செய்ய எத்தனை ஆடு வேண்டும்? அதன் பக்கத்துப் புள்ளிகள் எல்லாவற்றிலும் ஒரு ஆடு, அந்த ஆடுகளில் தாண்டக்கூடியவற்றுக்குப் பின்னால் இன்னொரு ஆடு. கட்டத்தின் நடுவில் 2-2ல் நிற்கும் புலிக்கு நான்கு பக்கமும் இரண்டிரண்டு, மொத்தம் 8 ஆடு. உச்சியில் இருக்கும் புலிக்கும் அதே 8, நான்கு சரிவிலும் இரண்டிரண்டாக. ஆனால் 1-0 மூலையில் நிற்கும் புலிக்கு 1-1, 1-2, 2-0, 3-0 என்று 4 ஆடு போதும். 2-0ல் நின்றாலும் 4தான்: மேலும் கீழும் இருப்பவை மூலைகள், அவற்றுக்குப் பின்பலம் தேவையில்லை, உள்பக்கம் 2-1, 2-2 மட்டும் இரண்டாக. 4-1ல் நின்றாலும் 4. மூன்று புலிகளும் இடது ஓரத்தில் 1-0, 2-0, 3-0 என்று ஒன்றின் கீழ் ஒன்றாக மாட்டினால் அவை ஒன்றுக்கொன்று வழியை அடைத்துக்கொள்ளும், 1-1, 1-2, 2-1, 2-2, 3-1, 3-2 என்று ஆறே ஆடுகளில் ஆட்டம் முடிந்துவிடும். அதாவது ஒன்பது ஆடுகளை இழந்த பிறகும் ஜெயிக்கலாம், அதற்குள் புலி ஜெயித்துவிட்டதாக நீங்கள் பேசி வைத்திருக்காவிட்டால்.

ஆகப் புலி ஓரத்துக்கு வந்தால் அடைப்பு மலிவாகிறது. நடுவில் நின்றால் விலை கூடும். நல்ல புலிக்காரர் உச்சியையும் அதன் கீழே இருக்கும் 1-2, 1-3 புள்ளிகளையும் விட்டு அதிகம் நகர மாட்டார். அப்படிப்பட்டவரிடம் மேலே சொன்ன சுவரைக் கட்டி மெதுவாக உயர்த்த வேண்டும். மூன்று புலியும் அங்கேயே இருந்தால் அடைக்க 10 ஆடு வேண்டும்: முதல் குறுக்குக் கோட்டில் இரு பக்கமும் இரண்டிரண்டு, இரண்டாவது கோட்டில் 2-1 முதல் 2-4 வரை நான்கு, 2-2க்கும் 2-3க்கும் கீழே 3-2, 3-3. பதினைந்தில் ஐந்தை மட்டுமே இழக்கலாம் என்று அர்த்தம்.

இனி பெரும்பாலானவர்கள் தோற்கிற இடத்துக்கு வருகிறேன். ஆடு எல்லாம் இறங்கி முடிந்தது, இனிமேல் நகர்த்த வேண்டும். சுவர் பத்திரமாக இருக்கிறது, புலிகள் மேலே இருக்கின்றன, சுவரை ஒரு படி ஏற்ற வேண்டும். 1-2ல் புலி நிற்கிறது, 3-2ல் உங்கள் ஆடு. அதை நேராக 2-2க்கு ஏற்றுகிறீர்கள். அடுத்த நொடி புலி 1-2லிருந்து 3-2க்குத் தாண்டிவிடும். கீழே 4-2ல் இன்னொரு ஆடு இருந்ததே என்று கேட்காதீர்கள், தாண்டி இறங்கும் இடம் 3-2, அதைக் காலி செய்ததே அந்த ஆடுதான். புலியை நோக்கி நேர்கோட்டில் அடியெடுத்து வைக்கும் ஆடு தனக்கான குழியைத் தானே விட்டுவிட்டு வருகிறது. பிள்ளைகளிடம் நீங்கள் தோற்பதற்கு இதுவும் ஒரு காரணமாகத்தான் இருக்கும்.

அதனால் புலிக்கு முன்னால் வந்து நிற்கும் ஆடு பக்கவாட்டிலிருந்து வர வேண்டும். அதே நிலையில் 2-1ல் ஒரு ஆடு இருந்தால் அதை 2-2க்குத் தள்ளுங்கள், 3-2ல் இருப்பது அசையாமல் பின்பலமாக நிற்கட்டும். இப்போது மேலிருக்கும் புலியால் தாண்ட முடியாது. ஆனால் 2-1 காலியாகிவிட்டது, ஆகக் குறுக்கே பார்க்க வேண்டும்: 2-3ல் புலி நின்றால் அது 2-2ஐத் தாண்டி 2-1ல் இறங்கும். அங்கே புலி இல்லையென்றால் ஒரு முறை அவகாசம் இருக்கிறது, புலி 2-3க்கு வந்து சேர்ந்தாலும் அடுத்த முறை நீங்கள் 2-0ல் இருப்பதை 2-1க்குத் தள்ளி அந்தக் குழியை மூடிவிடலாம். இப்படி ஓரத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக, ரயில் பெட்டி மாதிரி, முன்னால் ஒன்று போனால் பின்னால் ஒன்று அந்த இடத்துக்கு வர வேண்டும். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன்னால் ஒரே கேள்வி: இந்த ஆடு இப்போது யாருக்குப் பின்பலமாக நிற்கிறது? யாருக்கும் இல்லையென்றால் தாராளமாக எடுங்கள். யாருக்காவது என்றால், அந்த ஆட்டை நோக்கி எதிர்ப்பக்கம் புலி நிற்கிறதா, ஒரே நகர்த்தலில் வந்து நிற்க முடியுமா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

இதை ஒரு நிலையை வைத்துப் பார்த்தால் தெளிவாகிவிடும், காசுகளை எடுத்து வையுங்கள். புலிக்காரர் ஆசைப்பட்டு மூன்று புலிகளையும் இடது பக்கம் கொண்டுவந்துவிட்டார், அவை 1-0, 2-0, 3-1ல் நிற்கின்றன. நான்கு ஆடுகளை வெட்டிவிட்டார், உங்களிடம் பதினொன்று. அவற்றில் ஏழு இங்கே: 1-1, 1-2, 2-1, 2-2, 3-2, 3-3, 4-1. மீதி நான்கு வலது பக்கம் எங்கேயோ, 4-3, 4-4, 3-5, 2-5 என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது புலியின் முறை.

புலிகள் எதையாவது வெட்ட முடியுமா? 1-0ல் இருப்பது 1-1ஐத் தாண்டப் பார்க்கிறது, 1-2 நிரம்பியிருக்கிறது. 2-0ல் இருப்பதற்கு 2-1ன் பின்னால் 2-2. 3-1ல் இருப்பது மேலே 2-1ஐத் தாண்டலாம் என்றால் 1-1ல் ஆடு, வலப்பக்கம் 3-2ஐத் தாண்டலாம் என்றால் 3-3ல் ஆடு, கீழே 4-1 கோட்டின் முனை. ஆக வெட்ட எதுவும் இல்லை. காலியாக இருக்கும் பக்கத்துப் புள்ளி 3-0 ஒன்றுதான். அதற்கு 3-1 புலியும் போகலாம், 2-0 புலியும் போகலாம், இந்த இரண்டைத் தவிர அவருக்கு வேறு வழியே இல்லை.

முதலில், 3-1 புலி 3-0க்கு நகர்ந்தது என்று வைப்போம். மூன்று புலியும் இடது ஓரத்தில் வரிசையாக நிற்கின்றன, 3-1ஐ மூடினால் முடிந்தது. அந்தப் புள்ளிக்குப் போகக்கூடிய ஆடுகள் மூன்று: வலமிருந்து 3-2, மேலிருந்து 2-1, கீழிருந்து 4-1. 3-2ஐத் தள்ளினால் அது விட்டுவந்த குழியிலேயே 3-0 புலி தாண்டி இறங்கும், ஒரு ஆடும் போச்சு, கூண்டும் திறந்தது. 2-1ஐ இறக்கினால் 2-0 புலி அந்தக் காலி இடத்தின் வழியாக வெளியே வந்துவிடும். 4-1ஐ ஏற்றினால்? அது விட்டுவரும் 4-1 புள்ளி எந்தப் புலியின் கோட்டிலும் இல்லை, அந்த ஆட்டை மேலிருந்து தாண்ட வேண்டுமென்றால் 2-1ல் புலி இருக்க வேண்டும், அங்கே உங்கள் ஆடு. குறுக்கே 3-2 பின்பலம். மூன்று புலியும் அசையாது, ஆட்டம் உங்களுக்கு. ஒரே புள்ளி, மூன்று ஆடு போகலாம், அதில் ஒன்றுதான் சரி. மூன்றையும் காசு வைத்துப் பார்த்துவிட்டால், வரிசை எந்த இடத்தில் உடைகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இரண்டாவது, புலிக்காரர் விவரமானவர், 2-0 புலியை 3-0க்கு இறக்குகிறார். 2-0 காலியாகிவிட்டது. உடனே 2-1ஐ அங்கே நுழைக்கக் கை துடிக்கும். நுழைத்தால் 3-1 புலி 2-1க்கு ஏறிவிடும், அங்கிருந்து 1-1ஐ உச்சிக்கும் 2-2ஐ 2-3க்கும் தாண்ட மிரட்டும், இரண்டையும் ஒரே நகர்த்தலில் காப்பாற்ற முடியாது. பிறகு ஒரு புலி 1-0லிருந்து 2-0க்கு வந்து மூலை காலியாகும்போது 1-1ஐ மூலைக்குத் தள்ளவும் தோன்றும், அப்போது 2-1ன் பின்பலம் போய்விடும், 3-1 புலி மேலே தாண்டும். ஆக இங்கே உள்ளே கையை வைக்கவே கூடாது. வலது பக்கம் இருக்கும் அந்த நான்கு ஆடுகளில் ஒன்றை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டு உட்கார்ந்திருங்கள். புலிகள் அந்தச் சின்ன இடத்துக்குள்ளேயே மாறி மாறி நகர வேண்டியதுதான், என்றைக்கு 3-1 புலி அந்த இடத்தை விட்டு 3-0க்கு நகர்கிறதோ அன்றைக்கு 4-1ஐ ஏற்றி முடிக்கலாம்.

இந்தச் சும்மா நகரும் ஆடுகள் முக்கியம், இதைப் பலர் யோசிப்பதில்லை. பதினைந்தும் இறங்கிய பிறகு உங்கள் முறை வந்தால் நகர்ந்தே ஆக வேண்டும், "நான் அப்படியே இருக்கிறேன்" என்று சொல்ல முடியாது. இருக்கும் ஆடுகள் எல்லாம் அடைப்பிலேயே மாட்டிக்கொண்டிருந்தால் வேறு வழியில்லாமல் உங்கள் வரிசையை நீங்களே உடைப்பீர்கள். அதனால் எப்போதும் அடைப்புக்கு வெளியே ஒரு ஆடாவது சுதந்திரமாக இருக்க வேண்டும், அது எங்கே நகர்ந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லாத இடத்தில். மேலே சொன்ன நிலையில் உங்களிடம் ஏழே ஆடுகள் மட்டும் இருந்தால், இரண்டாவது வழியில் புலிக்காரர் சிரித்துக்கொண்டே காத்திருப்பார்.

இதே நிலையில் இன்னும் ஒரு ஆடு உங்கள் கையில் இறக்காமல் இருந்தால் கதை முற்றிலும் மாறிவிடும். கையில் இருக்கும் ஆடு எங்கிருந்தும் நகர்ந்து வருவதில்லை, அதனால் எந்தக் குழியையும் விட்டுவருவதில்லை. 3-0 காலியாக இருக்கும்போது அங்கே போட்டால் மூன்று புலியும் அடைபட்டுவிடும். 2-0 காலியாக இருந்தால் அங்கே, 1-0 காலியாக இருந்தால் அங்கே, எங்கே போட்டாலும் முடிவு ஒன்றுதான், ஒவ்வொன்றாக வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதாவது அடைப்பை முடிக்கச் சிறந்த நேரம் ஆடுகள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே. பத்துப் பன்னிரண்டு ஆடு இறங்கியதும் புலிகள் எந்தப் பக்கம் கூடியிருக்கின்றன என்று பாருங்கள். எல்லாம் ஒரு பக்கம் வந்திருந்தால் மறுபக்கத்து ஓரத்தை நிரப்புவதை நிறுத்திவிட்டு, மீதி ஆடுகளை அவற்றைச் சுற்றி இரண்டிரண்டாகப் போடுங்கள், எப்போதும் பின்னால் நிற்க வேண்டியதை முதலில், முன்னால் நிற்க வேண்டியதைப் பிறகு. இதை மாற்றிப் போட்டால் நடுவில் புலிக்கு ஒரு முறை கிடைக்கும், அது போதும் அதற்கு.

ஒரு ஆடு மாட்டிக்கொண்டால் அதைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. அதைக் காப்பாற்றப் போடும் ஆடு சுவரில் சேராமல் தனியாக நிற்குமானால் அடுத்து அதுவும் போகும், பிறகு அதைக் காப்பாற்ற இன்னொன்று. அந்த ஆட்டை விட்டுவிட்டுச் சுவரில் ஒரு இடத்தை நிரப்புவது மேல்.

பக்கத்து வீட்டு மலாய்க்காரர்கள் ஆடும் ரிமாவ் ஆட்டமும் இந்த வகைதான், அங்கேயும் புலி தாண்டிப் பிடிக்கும், ஆட்கள் சேர்ந்து அடைப்பார்கள், ஆனால் கட்டமும் காய் எண்ணிக்கையும் வேறு. நேபாளத்துப் பாக் சால் ஆட்டத்தில் 25 புள்ளிகள், 4 புலி, 20 ஆடு. பின்னால் இருக்கும் புள்ளியை நிரப்புவது எல்லாவற்றுக்கும் பொருந்தும், நான் சொன்ன எண்களும் பத்திரமான புள்ளிகளும் இந்த 23 புள்ளிக் கட்டத்துக்கு மட்டும்தான்.

கடைசியாக இரண்டு விஷயங்களை ஆரம்பிக்கும் முன் பிள்ளைகளோடு பேசி முடிவு செய்துவிடுங்கள். எத்தனை ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி என்பது இடத்துக்கு இடம் மாறும், ஐந்து என்பவர்களும் உண்டு, பத்து என்பவர்களும் உண்டு. புதிதாக ஆடு பக்கம் ஆடுகிறவருக்கு ஏழு அல்லது எட்டு என்று வைத்துக்கொண்டால் தவறு செய்து பழக இடம் இருக்கும். இன்னொன்று, 3-1 புலி நகராமல் உட்கார்ந்திருக்க நீங்களும் ஓரத்தில் ஒரு ஆட்டை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருக்கும் அந்த நிலை. முன்கூட்டியே பேசாவிட்டால் அங்கேதான் வீட்டில் சண்டை வரும். அதே நிலை மூன்று முறை வந்தால் சமம் என்று வைத்துக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்குப் பக்கம் மாறி உட்காருங்கள்.